ஃபேன் போன இடம்

முகூர்த்தப் படம். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், பெண் தலை குனிந்திருக்கிறாள், மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் குனிந்து நிற்கிறார். நாத்தனாரின் தோளுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மண்டபத்து ஸ்டாண்ட் ஃபேன். வீட்டார் கேட்டது இரண்டே விஷயம்: ஃபேனை எடுத்துவிட வேண்டும், படம் ஆல்பத்தில் முழு ஷீட்டுக்கு வர வேண்டும்.

ஃபேனை எடுப்பது இப்போது பெரிய வித்தை இல்லை. மெரூன் திரைத்துணி, அதில் தொங்கும் பூச்சரம், கீழே கொஞ்சம் கிரானைட் தரை. ஒரு மதியத்தில் முடிகிற வேலை. முடிந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான் நிதானம் வேண்டும். இந்தக் குறிப்பெல்லாம் அதைப் பற்றியது.

*

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது தெரியாமல் ஜூம் செய்துகொண்டே இருப்பதில் பயனில்லை.

கேமரா கொடுத்த படம் 6000×4000 பிக்சல். ஷீட் 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். மூன்றுக்கு ஒன்று என்ற அந்த அளவுக்கு வெட்டினால் 6000×2000 மிஞ்சும். 6000 பிக்சலை 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 167 வருகிறது. இதே படம் பாதி ஷீட்டில், 18 அங்குல அகலத்தில் போயிருந்தால் 333 கிடைத்திருக்கும். அதாவது முழு ஷீட் கேட்டதுமே நம் ஒட்டு வேலையும் காகிதத்தில் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.

என் மேஜையில் இருப்பது 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டர். அதில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 100 சதவீதத்தில் வைத்தால் படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். அப்போது நான் பார்ப்பது அச்சில் வரப்போவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிது. 55 சதவீதத்தில் வைத்தால்தான் காகிதத்தின் நிஜ அளவு. போனில் கதை வேறு. நட்டுக்குத்தலாகப் பிடித்த போனின் திரை அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல்தான். 6000 பிக்சல் அதற்குள் அடங்கும்போது, படத்தின் முப்பது பிக்சல் சேர்ந்து திரையில் ஒரு பிக்சலாகிறது.

ஆக மூன்று இடத்தில் பார்ப்பது ஒரே வேலையை மூன்று முறை செய்வது ஆகாது. முப்பது ஒன்றாகும்போது நுணுக்கமான தப்புகள் கரைந்து காணாமல் போகும். பெரிய தப்புகள் திரண்டு வெளியே வரும். ஜூமில் நேர் எதிர். அச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, நிறத்தில் தனியாக ஒரு குணமும் அதற்கு உண்டு.

*

ஜூம்.

Ctrl+1 அடித்து 100 சதவீதம். விளிம்புகளுக்கு மட்டும் 200. அதற்கு மேல் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 500-ஐத் தாண்டினால் ஃபோட்டோஷாப் பிக்சலுக்குப் பிக்சல் கட்டம் போட்டுக் காட்டும். அங்கே உட்கார்ந்து துடைக்கிற எதுவும் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை, ஒரு மணி நேரம் மட்டும் போய்விடும். 66.7 மாதிரி இடைப்பட்ட அளவுகளிலும் கூர்மையைப் பற்றித் தீர்ப்பு சொல்லக்கூடாது. திரை பிக்சல்களைக் கலந்து கட்டிக் காட்டுகிற அளவு அது.

கண் போன பக்கமெல்லாம் நகர்த்தினால், நாம் வேலை செய்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்போம். Home அடித்தால் படத்தின் இடது மேல் மூலை. அங்கிருந்து Page Down ஒரு திரை கீழே, Ctrl+Page Down ஒரு திரை வலது பக்கம். வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி வரிசை விடாமல் போனால், தெரியாமல் பிரஷ் பட்ட இடம்கூட அகப்படும். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தில் ஒரு குளோன் புள்ளி விழுந்திருந்தது இப்படித்தான் தெரிந்தது. ஃபேனுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு முழத் தூரம்.

ஒட்டு வேலை தனி லேயரில் இருந்தால் (இருக்க வேண்டும்) அந்த லேயரின் கண் அடையாளத்தை Alt பிடித்து கிளிக் செய்தால் மற்றதெல்லாம் மறைந்து ஒட்டு மட்டும் நிற்கும். அதன் உருவம் ஃபேனின் உருவத்தையே அச்சாக ஒத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஃபேனுக்கு நிழல் உண்டு, வலைக்கம்பி வழியாகக் கசிந்த வெளிச்சம் உண்டு, கீழே வயர் உண்டு. ஃபேன் அளவுக்கே கத்தரித்த ஒட்டு என்றால் அதெல்லாம் இன்னும் படத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

*

அந்தக் குளோன் புள்ளி போக, ஜூமில் இந்தப் படத்தில் அகப்பட்டவை இரண்டு.

ஒன்று, கிரெய்ன். மண்டப வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்த படம். துணி முழுக்க மணல் தூவின மாதிரி பொடிப்பொடியாக நாய்ஸ் இருக்கிறது. ஃபேன் இருந்த இடத்தில் மட்டும் மழுமழுவென்று மெழுகினாற்போல் ஒரு வட்டம். மிருதுவான பிரஷ்ஷால் குளோன் செய்யும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்து கிரெய்ன் அடங்கிவிடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை போனால் சுத்தமாகப் போய்விடும். அந்த இடத்துக்கு மட்டும் நாய்ஸ் சேர்க்க வேண்டும், ஒரே நிறத்தில், ஒன்றிலிருந்து மூன்று சதவீதத்துக்குள். எவ்வளவு என்பதைப் பக்கத்துத் துணியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சுக்கு அனுப்பும் முன் ஷார்ப்பன் செய்வோம். கிரெய்ன் உள்ள இடம் இன்னும் முறுக்கேறும், கிரெய்ன் இல்லாத இடம் அப்படியே மழுங்கிக் கிடக்கும். முன்னால் லேசாக இருந்த வித்தியாசம் அதற்குப் பிறகு வட்டம் போட்டுக் காட்டும். அதனால் ஷார்ப்பன் செய்தபின் 100 சதவீதச் சுற்று இன்னொரு முறை. இதை யாரும் சொல்லித்தருவதில்லை, லேபில் இருந்து ஷீட் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

இரண்டாவது, நாத்தனார் தலையில் இருந்த மல்லிகைச்சரத்தின் ஓரம். ஃபோகஸ் தம்பதி மேல் இருப்பதால் அவரது பின்தலை லேசாக மங்கல். மங்கிய விளிம்பில் மல்லிகை வெள்ளையும் ஃபேன் சாம்பலும் ஏற்கெனவே கலந்துவிட்டன. ஃபேனை எடுத்தாலும் அந்தக் கலவை மூன்று நான்கு பிக்சல் அகலத்துக்குச் சாம்பல் இழையாகப் பூவைச் சுற்றி நிற்கும். இதை அழித்தால் பூ கத்தரித்து ஒட்டினது போலாகிவிடும். அழிக்க வேண்டியது நிறத்தை மட்டும். மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, அதை Color முறையில் வைத்து, பக்கத்துத் திரையின் மெரூனைத் தொட்டு இழையின் மேல் மெல்லத் தடவினால் மங்கல் அப்படியே இருக்கும், சாம்பல் போய்விடும். மெரூன் பூவுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் மல்லிகை கனகாம்பரமாகிவிடும்.

விளிம்பு எவ்வளவு பேரைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு 2024 மார்ச்சில் வேல்ஸ் இளவரசி கேதரின் பிள்ளைகளோடு இருந்த படம் போதும். அரண்மனையே வெளியிட்ட படம். வெளியான அன்றே ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி எல்லாம் அதைத் திரும்பப் பெற்றன. ஏபி காட்டிய காரணம், மகள் சார்லட்டின் இடது கைப் பக்கம் பொருந்தாமல் இருந்தது. ஸ்வெட்டர் கை முடிந்து மணிக்கட்டு தொடங்குகிற, விரல்கடை அளவு இடம். செய்திப்படத்தில் அது ஒழுங்குப் பிரச்சினை; கல்யாண ஆல்பத்தில் ஃபேனை எடுப்பதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தேட வேண்டிய இடம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிற கோடு.

*

மானிட்டரில் இருட்டுப் பகுதி நம்மை ஏமாற்றும். திரைத்துணியின் மடிப்புக்குள் சுற்றுப்புறம் 24, 12, 14 என்று காட்டுகிறது. ஒட்டுப் போட்ட இடம் 24, 16, 19. கண்ணுக்கு இரண்டும் கறுப்புதான். இதற்கென்று மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மலையும் பள்ளமுமாக இரண்டு மூன்று வளைவு வளைத்துவிடுவேன். படம் காணச் சகிக்காது, பச்சையும் ஊதாவுமாகிவிடும். ஆனால் மெரூனுக்குள் நீலம் கலந்த அந்த ஒட்டு தனி வட்டமாக எழுந்து நிற்கும். ஃபேனின் நிழலும் இதில்தான் முழுசாகத் தெரிந்தது. வீடியோகாரர் லைட் இடப்பக்கமிருந்து வருகிறது. அதனால் ஃபேனுக்கு வலப்பக்கம் திரையில் நீள்வட்டமாக ஒரு கருமை. ஃபேன் இல்லை, நிழல் இருக்கிறது.

பார்த்து முடித்ததும் அந்த லேயரை அணைத்துவிட வேண்டும் என்று எழுதுவது அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆல்பம் அனுப்புகிறவர்களுக்குத் தோன்றாது.

*

போன்.

கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக ஏற்றிப் பார்ப்பது பரீட்சை ஆகாது. வீட்டார் எப்படிப் பார்க்கப் போகிறார்களோ அப்படியே போக வேண்டும். அதாவது வாட்ஸ்ஆப்பில், சாதாரணப் படமாக. அது நீளப் பக்கத்தை ஆறாயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கும் கீழே இறக்கி, ஜேபெக்காக இன்னொரு முறை அழுத்தி அனுப்பும். ஜேபெக் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் படத்தைப் பிரித்துச் சுருக்குகிற முறை. கிரெய்ன் உள்ள துணி இந்த அழுத்தத்தைத் தாங்கும். மழுமழுவென்று நிரப்பிய இடம் தாங்காது, படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகப் பிரியும். மானிட்டரில் சரியாக இருந்த ஒட்டு போனில் பட்டை கட்டினால், அங்கே கிரெய்ன் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் பிரதி sRGB-க்கு மாற்றியதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்கிறேன். அடோபி ஆர்ஜிபியில் இருக்கும் படம் ப்ரொஃபைல் இழந்து போய்ச் சேர்ந்தால், பட்டுப்புடவை சாயம் போன மாதிரி தெரியும். ஒட்டில் தப்பா, நிறத்தில் தப்பா என்று வீணாகத் தலையை உடைத்துக்கொள்வோம். போனில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் கூட்டும் வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். வெளிச்சத்தை முழுசாக வைக்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்கு போன் தானாகவே அப்படித்தான் ஏறும்.

முதலில் விரல் வைக்காமல் முழுப் படம். இந்த அளவில் மல்லிகை ஓரம், கிரெய்ன் ஒன்றும் தெரியாது. முப்பது பிக்சல் ஒன்றாகும்போது அதெல்லாம் போய்விட்டது. மிஞ்சுவது பெரிய உருவங்கள். கர்வ்ஸ் காட்டிய நிழலைப் பாதிதான் எடுத்திருந்தேன். நாத்தனாருக்குப் பின்னால் ஆவி நிற்கிற மாதிரி மீதி தெரிந்தது. 200 சதவீதத்தில் அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தால் நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. போனில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும்போதுதான் அதன் முழு உருவமும் ஒரே பார்வையில் விழுகிறது.

பூச்சரமும் போனில்தான் மாட்டியது. ஃபேன் மறைத்திருந்த இடத்தில் இடப்பக்கச் சரத்தையே எடுத்து ஒட்டியிருந்தேன். ஜூமில் ஒவ்வொரு பூவும் அழகு. சின்னத் திரையில் ஒரே இடத்தில் ரோஜா வைத்த இரண்டு சரங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில். திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குத் தூரம் வேண்டும். 2006 ஆகஸ்டில் பெய்ரூட் குண்டுவீச்சுப் படம் ஒன்றில் புகையை குளோன் செய்து அடர்த்தியாக்கியிருந்ததை ராய்ட்டர்ஸ் திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்தப் படக்காரரின் மற்ற படங்களையும் சேர்த்து 920 படங்களைத் தன் சேமிப்பிலிருந்து நீக்கியது. அந்தப் புகையில் ஒரே சுருள் வரிசையாக மேலே ஏறுவது நிபுணர் வேண்டாமல் யாருக்கும் தெரிகிற விஷயம். சரத்தில் ரோஜாவை இரண்டு விரற்கடை கீழே இறக்கி, அளவைக் கொஞ்சம் குறைத்து, ஒரு பூவைத் திருப்பிவிட்டேன். சரம் சரமானது.

பிறகுதான் விரலால் பெரிதாக்குவது. வீட்டார் எங்கே பெரிதாக்குவார்கள் என்பது ஊரறிந்த விஷயம்: பெண்ணின் முகம், தாலி, நகை, அப்புறம் தங்கள் முகம். நாத்தனார் தன் முகத்தைப் பெரிதாக்குவார். அவர் முகத்துக்குப் பக்கத்தில்தான் நம் ஒட்டு.

போனை இன்னொருவரிடம் கொடுக்கும்போது கேட்கிற கேள்வி முக்கியம். “ஃபேன் இருந்தது தெரிகிறதா?” என்று கேட்டால் யாருக்கும் தெரியும். எங்கள் ஸ்டுடியோ அண்ணனின் அம்மாவிடம் படத்தைக் கொடுத்து, “எப்படி இருக்கு பெரியம்மா?” என்று மட்டும் கேட்டேன். தாலியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பிறகு விரல் கீழே போய்க் குத்துவிளக்கில் நின்றது. “விளக்குல என்னடா அது, சல்லடை மாதிரி?”

பித்தளைக் குத்துவிளக்கின் தண்டில், குடம் மாதிரி உப்பிய இடத்தில், ஃபேனின் வலை வளைந்து மின்னிக்கொண்டிருந்தது. ஒட்டு வேலை நடந்த இடத்துக்கு வெளியே இருப்பதால் நான் அதை ஃபேனாகப் பார்க்கவே இல்லை. படத்தில் பளபளப்பான பொருள் என்னென்ன உண்டு என்று இப்போதெல்லாம் முதலிலேயே எண்ணிக்கொள்கிறேன்: விளக்கு, சொம்பு, தாம்பாளம், மூக்குக்கண்ணாடி, கிரானைட் தரை.

*

அச்சு.

ஷீட் முழுவதையும் சோதனைக்கு அச்சடிக்கத் தேவையில்லை. முழுப் படத்தையும் 4×6-ஆகச் சுருக்கி அச்சடித்துப் பார்ப்பதும் வீண். அது காகிதத்தில் போட்ட போன் திரை, அவ்வளவுதான். லேபுக்குப் போகும் கடைசி ஃபைல் 10800×3600, அங்குலத்துக்கு 300, அதாவது 1.8 மடங்கு பெரிதாக்கியது. அதிலிருந்து ஃபேன் இருந்த இடத்தை நடுவில் வைத்து 1800×1200 பிக்சலை வெட்டி எடுத்தால், எதையும் சுருக்காமல் பெருக்காமல் சரியாக 6×4 அங்குலம் வரும். ஆல்பத்தில் வரப்போகிற அதே அளவில், அந்த ஜன்னல் மட்டும். குத்துவிளக்குக்கு இன்னொன்று. இரண்டு சின்ன பிரிண்ட், அதே லேபில், முடிந்தால் அதே காகிதத்தில்.

லேபில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: “அண்ணே, கரெக்‌ஷன் போடாதீங்க.” பல லேப்களில் வருகிற படத்தை மெஷினோ ஆபரேட்டரோ தாமாகவே தூக்கி, இறக்கி, நிறம் சரிசெய்து அடிப்பார்கள். படத்தில் இருட்டு அதிகம் என்று மெஷினுக்குத் தோன்றினால் மொத்தத்தையும் வெளிச்சமாக்கும். 24, 12, 14-க்குள் பதுங்கியிருந்த நீல வட்டம் அப்போது மேலே வந்துவிடும். அதனாலேயே எனக்கு ஒரு பழக்கம்: கரெக்‌ஷன் இல்லாமல் ஒன்று, கரெக்‌ஷனோடு ஒன்று என்று இரண்டும் வாங்கிவிடுவது. ஆல்பம் அச்சாகிற நாளில் மெஷின் முன் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. கரெக்‌ஷன் போட்டாலும் ஒட்டு தெரியவில்லை என்றால்தான் நிம்மதி.

பிரிண்டை லேப் கவுன்ட்டரிலேயே பார்த்து முடிவு செய்யக்கூடாது. அங்கே இருக்கும் ட்யூப்லைட்டில் ஒரு முறை, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முறை. கையை நீட்டிப் பிடித்து, பிறகு ஒரு சாண் தூரத்தில். பளபளப்புக் காகிதத்தில் கறுப்பு ஆழமாக விழும், மடிப்புக்குள் இருக்கும் வித்தியாசம் கூர்மையாகத் தெரியும். மேட் காகிதத்தில் கறுப்பு கொஞ்சம் வெளுத்து, வித்தியாசம் அமுங்கும். ஆல்பம் எந்தக் காகிதமோ அதில் பார்ப்பதுதான் கணக்கு. மேட்டில் பார்த்துத் திருப்திப்பட்டுப் பளபளப்பில் அடிப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

இந்தப் படத்தில் அச்சு காட்டியது ஒரே ஒரு விஷயம், ஆனால் மற்ற இரண்டு இடத்திலும் தப்பித்தது. திரைத்துணியின் மடிப்புக் கோடு. ஃபேனுக்கு மேலே வருகிற மடிப்பும் கீழே போகிற மடிப்பும் ஒன்றுதான். நான் நிரப்பிய இடத்தில் அது ஒரு நூல் இடப்பக்கம் விலகிச் சேர்ந்திருந்தது. 100 சதவீதத்தில் திரையில் ஒரு துண்டுதான் தெரியும், மடிப்பு முழுசாகத் தெரியாது. போனில் ஒரு நூல் விலகல் கரைந்துவிடும். காகிதத்தில் கண் மடிப்பை மேலிருந்து பிடித்துக்கொண்டே இறங்கும்போது அந்த இடத்தில் தடுக்கியது. பிரிண்ட் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

*

அச்சில் கண்ட தப்பை 10800 ஃபைலில் திருத்தக்கூடாது. பெரிதாக்கி, ஷார்ப்பன் செய்த பிக்சல் மேல் புதிதாக ஒட்டினால் கிரெய்ன் மறுபடி பொருந்தாது. லேயர்கள் உள்ள 6000 ஃபைலுக்கே திரும்ப வேண்டும். அங்கே மடிப்பைச் சரிசெய்து, 100 சதவீதத்தில் அந்த இடத்தை மட்டும் பார்த்து, மறுபடி பெரிதாக்கி, ஷார்ப்பன் செய்து, அதே 6×4 ஜன்னல். போன் பிரதியும் இதே ஃபைலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டார் கையில் பழைய மடிப்பும் ஆல்பத்தில் புதிய மடிப்பும் இருக்கும்.

ஆல்பம் மடிகிற இடம் 18-ஆவது அங்குலத்தில், நட்டநடுவில். நாத்தனார் அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறார், ஒட்டு மடிப்பில் விழவில்லை. விழுந்திருந்தால் சில டிசைனர்கள் சந்தோஷப்படுவார்கள், மறைந்துவிடும் என்று. மறையாது. அந்தக் கோட்டை ஒட்டித்தான் எல்லோரும் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்கள், பார்வையும் அங்கேயே போகும்.

*

கடைசியாக, இந்த ஷீட்டுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று புரட்டினேன். மாலை மாற்றும் படத்தில் அதே மணமேடை, அதே திரை, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஷீட்டில் தாலி கட்டு, ஃபேன் இல்லை. அதற்கடுத்ததில் அட்சதை போடுகிறார்கள், ஃபேன் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு படமும் தனியாகக் குற்றமற்றது. அண்ணனிடம் சொன்னேன். மாலை மாற்றும் படத்தை அடுத்த கோணத்தில் எடுத்ததை வைத்து மாற்றிவிடலாம், அதில் ஃபேன் ஃப்ரேமுக்கு வெளியே. அட்சதைப் படத்துக்கு வேறு கோணம் இல்லை, கூட்டத்துக்குள் ஃபேனின் தலை மட்டும் தெரிகிறது, அதை எடுத்தாக வேண்டும். அதில் குத்துவிளக்கும் இருக்கிறது. விளக்கிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.